கைபேசித் திரையும் பேட்டரியும்: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க வேண்டாம்

காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் வருகைப் பதிவு. பிறகு எண்ணும் எழுத்தும் மதிப்பீடு. பாடவேளையில் பாடநூலின் க்யூஆர் குறியீட்டை வருடி ஒரு காணொலி. இடைவேளையில் வாட்ஸ்ஆப்பில் வந்து விழும் சுற்றறிக்கை. மாலையில் ஆசிரியர் கையேட்டின் பிடிஎஃப். பள்ளி நாளில் நம் கைபேசித் திரை நான்கு மணி நேரமாவது ஒளிர்கிறது. மூன்றரை மணிக்குப் பேட்டரி சிவப்பைக் காட்டத் தொடங்கினால், இரண்டு பேருந்து மாறி வீடு போய்ச் சேரும் ஆசிரியருக்கு அது சின்னச் சிக்கல் அல்ல.

இதற்குப் பெரும்பாலோர் கண்டுபிடித்திருக்கும் வழி, திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் படிப்பது. எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை ஒருவரும் அப்படித்தான் செய்துவந்தார். ஐம்பத்தைந்து வயது, வாசிப்புக் கண்ணாடி அணிபவர். "சார், வெளிச்சத்தை இதுக்கு மேல குறைக்க முடியாது. அப்பவும் மூணு மணிக்கு இருபது சதவீதம்தான் நிக்குது. சாயங்காலம் ஆனா நெத்திப்பொட்டு வலிக்குது. பேட்டரியை மாத்திடலாமா?" என்று கேட்டார். பேட்டரியில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய கைபேசியை எடுத்து, அறிவியல் செய்முறைபோல ஒன்றொன்றாக அளந்து பார்த்தோம். அதில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு கைபேசியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஐபோனில் பொத்தான்கள் இருக்கும் இடம் மாறும், அடிப்படை மாறாது.

அளந்த விதம்

அவருடையது ஆறரை அங்குல எல்சிடி திரை, 5000 எம்ஏஎச் பேட்டரி, இரண்டு ஆண்டு பழையது. மாறி ஒன்று, மற்றவை மாறிலி என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோமே, அதையே இங்கும் செய்தோம். ஒவ்வொரு முறையும் பேட்டரி 80 சதவீதத்தில் இருக்கும்போது தொடங்கினோம். நூறில் தொடங்கினால் பல கைபேசிகள் சிறிது நேரம் 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும், கணக்கு கெட்டுவிடும். விமானப் பயன்முறையைப் போட்டு, தானியங்கி வெளிச்சத்தை நிறுத்தி, ஒரே கையேட்டின் பிடிஎஃப்பை ஒரே அறையில் ஒரு மணி நேரம் படிப்பது. முடிந்ததும் சதவீதத்தைக் குறித்துக்கொள்வது. வெளிச்சப் பட்டையின் இடம் மட்டும் ஒவ்வொரு நாளும் மாறும்.

பட்டை உச்சத்தில் இருந்தபோது ஒரு மணி நேரத்தில் 11 சதவீதம் போயிற்று. முக்கால் பங்கில் 6. பாதியில் 5. கால் பங்கில் 4. அடிமட்டத்திலும் அதே 4.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உச்சத்திலிருந்து முக்காலுக்கு இறங்கியதில் மட்டும் மணிக்கு 5 சதவீதம் மிச்சம். பாதியிலிருந்து அடிமட்டம்வரை இறங்கியதில் மிச்சம் ஒன்றே ஒன்று. அதாவது சேமிப்பெல்லாம் பட்டையின் மேல் பகுதியில் இருக்கிறது. கண்வலியெல்லாம் கீழ்ப் பகுதியில் இருக்கிறது. அந்த ஆசிரியை இத்தனை மாதமாகக் கண்ணைக் கொடுத்து வாங்கிய சேமிப்பு மணிக்கு ஒரு சதவீதம்தான்.

ஏன் இப்படி? நம் கண் வெளிச்சத்தைக் கூட்டல் கணக்கில் உணர்வதில்லை. இருட்டறையில் ஒரு மெழுகுவத்தியோடு இன்னொன்றை ஏற்றினால் பளிச்சென்று தெரிகிறது. ஐம்பது மெழுகுவத்தி எரியும் இடத்தில் ஒன்றைக் கூட்டினால் ஒன்றும் தெரிவதில்லை. கண்ணின் இந்த இயல்புக்கு ஏற்றபடி, ஆண்ட்ராய்டு 9 முதல் வெளிச்சப் பட்டையையே மாற்றி அமைத்தார்கள். பட்டை பாதியில் நின்றால் திரை தன் உச்ச வெளிச்சத்தில் பாதியைத் தருகிறது என்று பொருள் இல்லை. அதைவிட மிகக் குறைவாகவே தருகிறது. திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு வாங்கும் மின்சாரம் அந்த உண்மையான வெளிச்சத்தைப் பொறுத்தது. எனவே பட்டையின் கடைசிக் கால் பங்கில்தான் பெரும்பகுதி மின்சாரம் போகிறது. பாதிக்குக் கீழே வந்துவிட்டால் விளக்கு வாங்குவதே சொற்பம். மீதி 4 சதவீதம் செயலி, நினைவகம், திரையை இயக்கும் மின்சுற்று ஆகியவற்றின் செலவு. பட்டையை எவ்வளவு இறக்கினாலும் அது குறையாது.

அப்படியானால் மூன்று மணிக்கு 20 சதவீதம் எப்படி வந்தது? அவரைக் கவனித்தபோது தெரிந்தது. காலையில் மைதானத்தில் வருகைப் பதிவுக்காக நிற்கும்போது வெயிலில் திரை தெரியாது. பட்டையை முழுக்க ஏற்றுவார். அடுத்து வகுப்பறை. எங்கள் வகுப்பறைகளில் இருபுறமும் சன்னல், நல்ல வெளிச்சம். அங்கே முழு வெளிச்சத்தில் இருக்கும் திரை கண்ணைக் கூசாது. அதனால் குறைக்க வேண்டும் என்ற நினைவே வராது. மதியம் வரை அப்படியே ஓடும். ஆசிரியர் அறையின் நிழலுக்கு வந்து உட்கார்ந்ததும் திரை கூசும். உடனே அடிமட்டத்துக்கு இறக்குவார். ஒரு பாதி நாள் உச்சம், மறு பாதி நாள் பாதாளம். நான்கு மணி நேரத்தையும் உச்சத்திலேயே கழித்தால் 44 சதவீதம், பாதியில் கழித்தால் 20. அவருடைய இழப்பு முற்பகலில் நடந்தது. தண்டனை பிற்பகலில் கண்ணுக்குக் கிடைத்தது.

வெள்ளைத் தாளோடு ஒப்பிடுதல்

எந்த இடத்தில் பட்டையை வைப்பது என்பதற்கு எண் சொல்ல முடியாது. அறைக்கு அறை மாறும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பாடநூலையோ வெள்ளைத் தாளையோ கைபேசிக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் எழுத்துகள் நிறைந்த வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்திருக்கட்டும். திரையின் வெள்ளை, தாளின் வெள்ளையைவிட விளக்குப்போல எரிந்தால் வெளிச்சம் அதிகம். தாளுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பாடநூலைப் படிக்கும்போது கண் எப்படி இருக்கிறதோ அப்படியே திரையிலும் இருக்கும். ஆசிரியர் அறையில் எங்களுக்கு அது பட்டையின் பாதிக்குச் சற்றுக் கீழே வந்தது. வகுப்பறையில் முக்காலுக்குப் பக்கத்தில் வந்தது. இரவில் குழல்விளக்கின் கீழே மூன்றில் ஒரு பங்கு.

தமிழ் படிக்கும்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்து மங்கலாக இருந்தாலும் வடிவத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். நமக்கு ஒரு புள்ளி மறைந்தால் சொல்லே மாறும். 'பல்' எது, 'பல' எது என்று பார்க்கவும், 'ன'கரத்தின் சுழியையும் 'ண'கரத்தின் சுழியையும் எண்ணவும் கண் சிரமப்படும். சுற்றறிக்கைகள் பல நேரம் நகலின் நகலாக வருகின்றன. எழுத்தே சாம்பல், பின்புலமும் சாம்பல். அவற்றை அடிமட்ட வெளிச்சத்தில் படிப்பவர் கைபேசியை முகத்துக்கு அருகே கொண்டுபோவார், நெற்றியைச் சுருக்குவார். அந்த ஆசிரியையின் நெற்றிப்பொட்டு வலிக்கு இதுவே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நான் கண் மருத்துவர் அல்லேன். தாளோடு ஒப்பிட்டு வெளிச்சத்தை வைத்த பிறகு, கைபேசியை முன்பைவிட ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் படிக்கிறார் என்பதை மட்டும் பார்த்தேன்.

எழுத்து தெரியவில்லை என்றதும் வெளிச்சத்தை ஏற்றத்தான் கை போகிறது. அதற்கு முன் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். Settings > Display பகுதியில் Font size இருக்கும். பிடிஎஃப்புக்கு அது உதவாது. கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் பக்கம் அகலமாகும், எழுத்தும் பெரிதாகும். இதற்கு மின்செலவு எதுவும் இல்லை.

தானியங்கி வெளிச்சத்தை நம்பலாமா?

அந்த ஆசிரியையின் சிக்கலுக்கு நேரடித் தீர்வு, மைதானத்திலிருந்து அறைக்கு வரும்போது தானாக இறங்கும் வெளிச்சம். Adaptive brightness அல்லது Auto brightness என்ற பெயரில் அது பெரும்பாலான கைபேசிகளில் இருக்கிறது. அவர் அதை நிறுத்திவைத்திருந்தார். "அது இஷ்டத்துக்கு மங்கலாயிடுது சார்" என்பது அவர் குறை.

காரணத்தைத் தேடினோம். சுற்றுப்புற ஒளியை அளக்கும் உணரி, பல கைபேசிகளில் திரையின் மேல் விளிம்பில், காது வைக்கும் துளைக்கும் முன்பக்கக் கேமராவுக்கும் அருகில் இருக்கும். அவர் ஒட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடி வேறொரு மாதிரிக்கு உரியது. அதன் கறுப்பு விளிம்பு சரியாக அந்த உணரியின் மேல் உட்கார்ந்திருந்தது. நண்பகல் வெயிலிலும் கைபேசி தான் இருட்டில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டது. உங்கள் கைபேசியிலும் இப்படி இருக்கிறதா என்று அறிய, தானியங்கி வெளிச்சத்தை இயக்கிவிட்டு மேல் விளிம்பை விரலால் பத்து விநாடி மூடுங்கள். திரை மங்க வேண்டும். பிறகு இன்னொரு கைபேசியின் டார்ச்சை அந்த இடத்தில் காட்டுங்கள். திரை ஏற வேண்டும். இரண்டுக்கும் அசையாவிட்டால் கண்ணாடியையோ உறையையோ பாருங்கள். புத்தகம்போல மூடும் உறையின் மடிப்பும் சில நேரம் உணரியை மறைக்கும். கைபேசியைப் பக்கவாட்டில் பிடித்துப் படிக்கும்போது நம் கட்டைவிரலே மறைப்பதும் உண்டு.

கண்ணாடியை மாற்றிய பிறகும் இரண்டு மூன்று நாள் பொறுமை வேண்டியிருந்தது. தானியங்கி இயங்கும்போதே பட்டையை நாம் நகர்த்தினால், "இந்த ஒளியில் இவருக்கு இவ்வளவு வேண்டும்" என்று கைபேசி அதைக் கற்றுக்கொள்ளும். எனவே பிடிக்காதபோது தானியங்கியை நிறுத்தக் கூடாது; அதை இயக்கத்திலேயே வைத்துக்கொண்டு பட்டையைத் திருத்த வேண்டும். மைதானம், வகுப்பறை, ஆசிரியர் அறை, வீடு என்று இடத்துக்கு இரண்டு மூன்று திருத்தம் போதுமானதாக இருந்தது. அதன்பின் அவர் பட்டையைத் தொடுவதே இல்லை.

நேர் வெயிலுக்கு மட்டும் எந்த அமைப்பும் முழுத் தீர்வு தராது. வெயிலில் தானியங்கி முறை திரையை உச்சத்துக்குக் கொண்டுபோகும். சில கைபேசிகளில் நாம் கையால் ஏற்றக்கூடியதைவிடவும் அதிகமாகக் கொண்டுபோகும். திரையின் சூடும் வெயிலின் சூடும் சேர்ந்து கைபேசி கொதிக்கும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பட்டையை ஏற்றினாலும் ஏறாது. சித்திரை, வைகாசியில் கைபேசி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நிழலில் பத்து நிமிடம் வைத்தால் சரியாகிவிடும். எங்கள் பள்ளியில் வருகைப் பதிவை வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டோம். பேட்டரிக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது.

கறுப்புப் பின்புலத்துக்கு மாற்றினால் மிச்சமாகுமே என்று கேட்கலாம். அது திரையைப் பொறுத்தது. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. பக்கம் கறுப்பானாலும் விளக்கு அணைவதில்லை. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. கறுப்பு என்றால் அந்த விளக்கு அணைந்திருக்கிறது. உங்களுடையது எது என்று அறிய, முழுக் கறுப்புப் படம் ஒன்றை இருட்டறையில் திறந்து பாருங்கள். சாம்பல் மினுமினுப்பு தெரிந்தால் எல்சிடி; திரை அணைந்ததுபோல் இருந்தால் ஓஎல்இடி. ஓஎல்இடியிலும் மிச்சம் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது கறுப்புப் பின்புலம் சராசரியாக 3 முதல் 9 சதவீதமே மிச்சப்படுத்துகிறது என்றும், 100 சதவீத வெளிச்சத்தில்தான் அது 39 முதல் 47 சதவீதமாக உயர்கிறது என்றும் கண்டார்கள். உச்சத்தில்தான் சேமிப்பு என்ற அதே கதைதான். எல்சிடி கைபேசியில் தமிழ் நெடும்பத்தி படிக்க, வெள்ளைப் பின்புலத்தில் கறுப்பு எழுத்தே என் தேர்வு.

ஓஎல்இடி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அவற்றில் பல, குறைந்த வெளிச்சத்தைத் தருவதற்காகத் திரையை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து அணைத்து எரிக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஆனாலும் சிலருக்குத் தலைவலி தருகிறது. இரவில் அடிமட்ட வெளிச்சத்தில் படித்தால் மட்டும் தலை வலிக்கிறது என்றால், அறை விளக்கைப் போட்டுத் திரையைச் சற்று ஏற்றிப் படித்துப் பாருங்கள்.

ரிஃப்ரெஷ் ரேட்

திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை தன்னைப் புதிதாக வரைந்துகொள்கிறது என்பதே ரிஃப்ரெஷ் ரேட். முன்பு எல்லாக் கைபேசியிலும் 60தான். இப்போது விலை குறைந்தவற்றிலும் 90, 120 என்று வருகிறது. கடைக்காரர்கள் இதைப் பெரிதாகச் சொல்லி விற்கிறார்கள். சேமிப்புக் குறிப்புகள் எழுதுபவர்கள் இதை உடனே குறைக்கச் சொல்கிறார்கள். படிப்பவருக்கு இரண்டுமே மிகை.

பக்கம் அசையாமல் நிற்கும்போது 60க்கும் 120க்கும் எழுத்தில் எந்த வேறுபாடும் இல்லை. பக்கத்தை விரலால் தள்ளும் நேரத்தில்தான் வேறுபாடு. அதிக வீதத்தில் நகரும் எழுத்து கலங்காமல் நகர்கிறது. 60இல் சற்றுத் தேய்ந்து நகர்கிறது. நாங்கள் பட்டையைப் பாதியில் வைத்து 90இலும் 60இலும் ஒரு மணி நேரம் பிடிஎஃப் படித்தோம். இரண்டிலும் 5 சதவீதம். மாணவர் பட்டியலைத் தொடர்ந்து மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தபோது 90இல் 8, 60இல் 7. ஒரு சதவீத வேறுபாட்டைப் பேட்டரி காட்டியின் பிழை என்றும் சொல்லிவிடலாம் என்பதால், இரண்டு மணி நேரம் நீட்டி மறுபடி அளந்தோம்: 16, 14. வேறுபாடு உண்டு, ஆனால் சிறியது. 120 உள்ள கைபேசியில் இது கூடலாம்.

பல கைபேசிகளில் தானாக மாறும் தேர்வு ஒன்று உண்டு. விரல் படும்போது ஏறி, பக்கம் நிற்கும்போது இறங்கும். அது இருந்தால் அதிலேயே விட்டுவிடுவது நல்லது. அது இல்லாமல், எப்போதும் 90 அல்லது 120 என்று நிற்கும் கைபேசியானால் பள்ளி நாளில் 60க்கு மாற்றுங்கள். Settings > Display பகுதியில் Refresh rate, Screen refresh rate, Motion smoothness, Smooth display என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர். மாற்றியபின், பக்கத்தைத் தள்ளிக்கொண்டே படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் நாள் உறுத்தும். இரண்டு நாளில் பழகாவிட்டால் பழைய நிலைக்கே போய்விடலாம், பெரிய இழப்பில்லை.

எல்லாவற்றையும் ஒரே தட்டலில் செய்துவிட Battery Saver இருக்கிறதே என்பார்கள். அது பல கைபேசிகளில் ரிஃப்ரெஷ் ரேட்டையும் குறைக்கும். கூடவே பின்னணியில் நடக்கும் வேலைகளையும் கட்டுப்படுத்தும். செயலி திறந்திராத நேரத்தில் பதிவேற்றம் காத்து நிற்கும், செய்திகள் தாமதமாக வரும். வருகைப் பதிவு நாளில் எனக்கு அது தோதுப்படவில்லை. மாலைப் பேருந்தில் போட்டுக்கொள்கிறேன்.

டைம் அவுட்

தொடாமல் விட்டால் எத்தனை நேரத்தில் திரை அணைய வேண்டும் என்பது Screen timeout. அந்த ஆசிரியை 15 விநாடி வைத்திருந்தார். கையேட்டில் ஒரு பத்தியைப் படித்து அதை யோசிக்கும் முன் திரை மங்கும். தட்டுவார். தட்ட மறந்தால் அணைந்துவிடும். கோலம்போட்டுத் திறந்து, விட்ட வரியைத் தேட வேண்டும். கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினால் திரை கறுப்பு. படிப்பவரை இதைவிட எரிச்சலூட்டும் அமைப்பு வேறில்லை.

இதிலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டைம் அவுட் எவ்வளவு நீளமாக இருந்தாலும், நாம் படிக்கும் நேரத்தில் அதனால் ஒரு செலவும் இல்லை. திரை எப்படியும் எரியத்தான் வேண்டும். வீணாவது, வேலை முடிந்து கீழே வைத்த பிறகு எரியும் நேரம் மட்டுமே. ஒரு நாளில் 60 முறை கைபேசியை எடுத்து வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். டைம் அவுட் 2 நிமிடமானால் வீணாவது 120 நிமிடம். பாதி வெளிச்சத்தில் மணிக்கு 5 வீதம் 10 சதவீதம். 30 விநாடியானால் 30 நிமிடம்; இரண்டரை சதவீதம். கீழே வைக்கும்போது பக்கவாட்டுப் பொத்தானை ஒரு முறை அழுத்திவிட்டால் இரண்டிலும் ஏறக்குறையப் பூச்சியம்.

ஆகவே 2 நிமிடம் வைத்துக்கொண்டு, கீழே வைக்கும்போது பொத்தானை அழுத்துவது என்று முடிவுசெய்தோம். கையேட்டை நெடுநேரம் படிக்கும் நாளில் 5 நிமிடம். பொத்தானை அழுத்தும் பழக்கம் வரவே வராது என்பவர்கள் 1 நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சில கைபேசிகளில் Screen attention அல்லது Keep screen on while viewing என்று ஒன்று இருக்கிறது. முன்பக்கக் கேமரா நம் முகத்தைப் பார்த்து, பார்த்துக்கொண்டிருக்கும் வரை அணையாமல் வைத்திருக்கும். இருட்டிலும், கைபேசியை மேசையில் படுக்கவைத்துப் படிக்கும்போதும் அது சரியாக வேலை செய்வதில்லை. காணொலி ஓடும்போது அந்தச் செயலியே திரையை அணையாமல் பார்த்துக்கொள்ளும்; அதற்காக டைம் அவுட்டை ஏற்ற வேண்டியதில்லை.

பொத்தானை அழுத்தச் சொல்வதற்குப் பேட்டரி அல்லாத காரணமும் ஒன்று உண்டு. நம் கைபேசியில் பிள்ளைகளின் பெயர், பெற்றோர் தொலைபேசி எண், மதிப்பெண் எல்லாம் திறந்திருக்கிறது. 10 நிமிட டைம் அவுட்டோடு மேசைமேல் விட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போவது சரியல்ல.

இந்த மாற்றங்களுக்குப் பின் இரண்டு வாரம் அவர் தினமும் மாலை மூன்றரை மணிக்குச் சதவீதத்தை நாட்குறிப்பின் ஓரத்தில் குறித்துவந்தார். முன்பு 20 நின்ற இடத்தில் பெரும்பாலான நாள்கள் 40க்கு மேல். இரண்டு நாள் மட்டும் மறுபடி 25க்கு இறங்கியது. அந்த நாள்களில் Settings > Battery பகுதியைத் திறந்து, திரையும் ஒவ்வொரு செயலியும் எடுத்த பங்கைப் பார்த்தோம். திரையின் பங்கு வழக்கம்போலவே இருந்தது. கைபேசி நெட்வொர்க்கின் பங்கு ஏறியிருந்தது. இரண்டு நாளும் ஊரில் மின்தடை. சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கியிருந்தது. கோபுரத்தைத் தேடித் தேடிக் கைபேசி களைத்த நாள்களில் திரையை மங்கலாக்கி எந்தப் பயனும் இல்லை. பதிவேற்றம் முடிந்ததும் மொபைல் டேட்டாவை நிறுத்திவைத்தால் அன்றைக்கு ஓரளவு தாங்குகிறது.